அம்மன் நகையைக் காணோம்... புகாரில் என்ன எழுதுவது?

விடியற்காலையில் நடை திறக்கப் போன பூசாரியிடமிருந்து போன் வருகிறது. "பூட்டு ஒடைஞ்சு கெடக்குங்க!" பத்தே நிமிடத்தில் ஊரே கோயில் வாசலில் கூடிவிடும். பதற்றத்தோடு ஸ்டேஷனுக்குப் போனால், ஒரு வெள்ளைத்தாளை நீட்டி "எழுதிக் கொடுங்க" என்பார்கள். பலருக்கும் அங்கேதான் கை நின்றுபோகும். கடைசியில் "அம்மன் நகைகள் திருடு போய்விட்டன" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

நாளைக்கே திருடன் பிடிபட்டு, அடகுக் கடையிலிருந்து நான்கு நகைகளை எடுத்து மேஜைமேல் வைத்தால், எது நம் அம்மனுடையது என்று அந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியுமா?

காகிதத்தில் ஒரு வார்த்தை என்ன செய்யும் என்பதை, பக்கத்து மாநிலத்து சபரிமலை விவகாரம் காட்டுகிறது. அங்கே துவாரபாலகர் சிலைகளின் தகடுகளுக்கு 1998-99-ல் தங்கம் போர்த்தப்பட்டிருந்தது. 2019-ல் வேலைக்காக அவற்றைக் கழற்றியபோது, கோயில் ஆவணத்தில் வெறும் 'செம்புத் தகடு' என்றே எழுதினார்கள். கழற்றும்போது 42.8 கிலோ, சென்னைப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது 38.258 கிலோ. இந்த வித்தியாசம் பெரிதாக வெடித்தது 2025-ல்தான். கேரள உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. 'செம்பு' என்று எழுதிய பொருளில் தங்கம் குறைந்தது என்று சொல்ல, பழைய காகிதங்களையெல்லாம் தோண்ட வேண்டியிருந்தது.

நம்மூருக்கு வருவோம். திண்டுக்கல் பக்கம் தாடிக்கொம்பு என்றதும் சௌந்தரராஜப் பெருமாள் கோயில்தான் நினைவுக்கு வரும். இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் (1959) 29-வது பிரிவு, கோயில் நகைகளை எடை, மதிப்போடு பதிவேட்டில் எழுதி வைக்கச் சொல்கிறது. அப்படிப் பதிவேடு உள்ள கோயிலில் திருட்டு நடந்தால், அதைப் பார்த்துப் பட்டியலை எழுதிவிடலாம். சிக்கல் எல்லாம் ஊர்ப் பொதுவில் நடக்கும் சின்ன அம்மன் கோயில்களுக்குத்தான். அப்படி ஒரு கோயிலில் திருட்டு நடந்ததாக வைத்துக்கொண்டு, ஒரு மாதிரிப் புகாரை எழுதிப் பார்ப்போம்.

"பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள், தாடிக்கொம்பு காவல் நிலையம். ஐயா, நான் மேற்படி கோயிலின் நிர்வாகி. நேற்று வெள்ளிக்கிழமை இரவு 8.30 மணிக்குப் பூஜை முடிந்து, பூசாரி நகைகளைக் கழற்றாமல் கருவறையைப் பூட்டினார். சாவி அவரிடமே இருந்தது. இன்று காலை 5.40 மணிக்கு அவர் வந்தபோது பூட்டு உடைந்திருந்தது. 5.50-க்கு எனக்குப் போன் செய்தார். நான் 6 மணிக்கு வந்து பார்த்தேன்.

காணாமல் போனவை: 1) தங்கப் பொட்டுத்தாலி ஒரு ஜோடி, 8 கிராம், கருகமணி கோத்த மஞ்சள் கயிற்றில் இருந்தது. 2) வெள்ளிக் கிரீடம் ஒன்று, 640 கிராம், உள்பக்கம் உபயதாரர் பெயர் பொறித்தது, வலது ஓரத்தில் பற்றவைத்த தழும்பு உண்டு. 3) வெள்ளி நெற்றிப்பட்டம் ஒன்று, சிவப்புக் கல் பதித்தது, ஒரு கல் விழுந்துவிட்டது, எடை தெரியவில்லை."

அந்த 'எடை தெரியவில்லை'யைக் கவனியுங்கள். தெரியாததை அடித்து விடக் கூடாது. கூட்டி எழுதிய எடை, நகை மீட்கப்படும் நாளில் 'இது அந்த நகை இல்லை' என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு வழி கொடுக்கும். உண்டியலும் அப்படித்தான். 'ஒரு லட்சம் இருக்கும்' என்பதைவிட, கடைசியாக எந்தத் தேதியில் திறந்து எண்ணினோம் என்று எழுதுவதே சரி. எடைக்கு உபயதாரர் வீட்டு நகைக்கடை ரசீதைக் கேட்கலாம். அடையாளத்துக்குத் திருவிழா அலங்காரப் போட்டோ போதும். யாராவது ஒருவர் போனில் நிச்சயம் இருக்கும்!

நேரத்தில் முக்கியம், கடைசியாகப் பொருளைப் பார்த்ததற்கும் காணோம் என்று கண்டதற்கும் உள்ள இடைவெளி. நம் மாதிரியில் அது இரவு 8.30 முதல் காலை 5.40 வரை. கேமரா பதிவை எங்கிருந்து எங்கே வரை தேடுவது என்பதை அதுதான் சொல்லும். ஸ்டேஷனுக்குப் போகத் தாமதமானால் காரணத்தையும் எழுதிவிட வேண்டும்.

சாட்சி என்றால் அவரவர் கண்டது மட்டும். 'இரவு 1 மணிக்கு இரண்டு பேர் பைக்கில் வந்தார்களாம்' என்று ஊர் பேசுவது சாட்சியாகாது. அதைக் கண்ணால் பார்த்த டீக்கடைக்காரர் யார் என்று எழுதினால், அவரிடம் போலீஸ் நேரில் விசாரிக்கும். சந்தேகப்படும் ஆள் இருந்தால், ஏன் சந்தேகம் என்பதோடு தனியாகக் குறிப்பிடலாம். திருடியவர் இவர்தான் என்று எழுத வேண்டாம். உடைந்த பூட்டை எத்தனை பேர் தொட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. கைரேகை எடுக்கும்போது அது தேவைப்படும்.

புகாரைப் பதிவு செய்ததும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி எஃப்.ஐ.ஆர் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி-க்கு எழுத்து மூலம் அனுப்பலாம். நகலை வாங்கியதும் ஸ்டேஷன் வாசலிலேயே நின்று படித்துப் பாருங்கள். கிரீடத்தின் தழும்பும், தாலியின் 8 கிராமும் அதில் இருக்கின்றனவா? விட்டுப்போயிருந்தால், அன்றைக்கே கூடுதலாக ஒரு மனு எழுதிக் கொடுத்து, அதற்கும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.