எடையில் எழுதிய பத்து பார், சென்னையில் பத்து அல்ல

பாய்லரிலும் கம்ப்ரஸரிலும் ஹைட்ராலிக் பிரஸ்ஸிலும் வட்ட முகத்தோடு நிற்கும் பிரஷர் கேஜுக்குள் இருப்பது வளைந்த ஒரு தட்டைக் குழாய். 1849-ல் பிரான்சின் யூஜின் போர்டான் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. அழுத்தம் ஏறினால் குழாய் கொஞ்சம் நிமிரும். அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரம் பெருக்கி முள்ளுக்குக் கொடுக்கும். வருடக்கணக்கில் அதிர்விலும் சூட்டிலும் கிடக்கும் குழாய் தளரும், பல் தேயும், முள் இடம் மாறும். ஆகவே அவ்வப்போது அதைக் கழற்றி, நம்பத்தக்க ஓர் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த நம்பத்தக்க அழுத்தத்தைத் தருவதுதான் டெட்வெயிட் டெஸ்டர். எண்ணெய் நிரம்பிய சிலிண்டருக்குள் மிக நெருக்கமாகப் பொருந்திய ஒரு பிஸ்டன் நிற்கிறது. அதன் தலையில் வட்ட எடைகளை அடுக்குகிறார்கள். கைச்சக்கரத்தைத் திருகினால் எண்ணெய் அழுத்தப்பட்டு, பிஸ்டன் எடைகளோடு மேலே மிதக்கும். எடைகளின் விசையைப் பிஸ்டனின் பரப்பால் வகுத்தால் வருவதே எண்ணெயின் அழுத்தம். அதே எண்ணெய்தான் மறுபக்கம் மாட்டியிருக்கும் கேஜுக்குள்ளும் போகிறது. ஸ்பிரிங்கோ மின்சாரமோ இல்லாததால் காலப்போக்கில் அளவு நகர்வது மிகக் குறைவு. நல்ல டெஸ்டர்களின் துல்லியம் காட்டும் அளவில் 0.02 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

வேலை பொறுமையைக் கேட்கும். முதலில் குமிழி மட்டத்தைப் பார்த்து டெஸ்டரைச் சமமாக நிறுத்த வேண்டும். பிஸ்டன் சாய்ந்தால் எடை முழுதாக அதன் மேல் இறங்காது. குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். கேஜை இரண்டு மூன்று முறை முழு அளவுக்கு ஏற்றி இறக்கிப் பழக்கிய பிறகே அளவெடுக்க ஆரம்பிக்கிறார்கள். பிஸ்டன் தன் ஓட்டத்தின் நடுவில் மிதக்கும்போது எடைகளைக் கையால் மெல்லச் சுழற்றிவிட வேண்டும். நின்றிருக்கும் பிஸ்டன் சுவரோடு ஒட்டிக்கொண்டு எடையின் ஒரு பகுதியைத் தானே தாங்கிக்கொள்ளும். சுழலும் பிஸ்டனைச் சுற்றி எண்ணெய்ப் படலம் இருப்பதால் அந்த உராய்வு வழிவிடுகிறது. சுழற்றிய எடை சட்டென்று நின்றுவிட்டால் பிஸ்டனில் அழுக்கு இருக்கிறது என்று பொருள். வேகமாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு. இரண்டில் எது நடந்தாலும் அன்றைய அளவுகளை நம்பக்கூடாது.

முள்ளைப் படிப்பதற்கு முன் கேஜை விரலால் மெல்லத் தட்டுவார்கள். அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே ஐந்தாறு இடங்களில் படித்து, இறக்கும்போதும் அதே இடங்களில் படிப்பார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் முள் காட்டும் வேறுபாடு குழாயின் தளர்ச்சியையும் இணைப்புகளின் உராய்வையும் சொல்லும். ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம்: ஆக்சிஜன் லைனுக்கான கேஜை எண்ணெய் டெஸ்டரில் மாட்டவே கூடாது. உள்ளே தங்கும் எண்ணெய், அழுத்தத்திலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

இத்தனை கவனமாகச் செய்தும் முடிவு தவறிப்போகலாம். காரணம், எடையில் பொறித்த எண்ணில் ஓர் ஊர் ஒளிந்திருக்கிறது.

பிஸ்டனின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 பார் அழுத்தத்துக்கு 100 நியூட்டன் விசை வேண்டும். புவியீர்ப்பு முடுக்கம் 9.80665 என்ற உலகத் தரமதிப்பை வைத்தால், அதற்கு 10.197 கிலோ போதும். டெஸ்டர் செய்பவர் அந்த எடையைச் செய்து ‘10 பார்’ என்று பொறிக்கிறார். ஆனால் சென்னையில் ஈர்ப்பு சுமார் 9.783 தான். பூமி சுழல்வதாலும் நடுப்பகுதி உப்பியிருப்பதாலும் துருவத்தில் 9.832 ஆக இருக்கும் ஈர்ப்பு, நிலநடுக்கோட்டில் 9.780 ஆகக் குறைகிறது. தமிழ்நாடு நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே 10.197 கிலோ சென்னையில் 99.76 நியூட்டன் மட்டுமே கொடுக்கும். அழுத்தம் 9.976 பார். குறை 0.24 சதவீதம், டெஸ்டரின் துல்லியத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். சென்னையில் உண்மையான 10 பார் வேண்டுமென்றால் இன்னும் ஏறத்தாழ 25 கிராம் வைக்க வேண்டும். டெல்லியின் 9.791-க்குப் பொருத்திச் செய்த எடைகள்கூடச் சென்னையில் 0.08 சதவீதம் குறைவாகவே அழுத்தும். மலையில் ஏறினால் ஆயிரம் மீட்டருக்கு சுமார் 0.03 சதவீதம் மேலும் குறையும்.

இரண்டாவது, உயரம். பிஸ்டன் தரும் அழுத்தம் அதன் அடிமட்டத்தில்தான் சரி. பல டெஸ்டர்களில் அந்த மட்டத்தைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். கேஜ் அதற்கு மேலே இருந்தால் இடையிலுள்ள எண்ணெய்த் தூணின் அளவுக்கு அழுத்தம் குறையும். கீழே இருந்தால் கூடும். லிட்டருக்கு 860 கிராம் எடையுள்ள எண்ணெயில் 12 சென்டிமீட்டருக்கு 0.01 பார் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். 400 பார் கேஜுக்கு இது ஒன்றுமே இல்லை. 1 பார் கேஜுக்கு ஒரு முழு சதவீதம்.

சென்னையில் ஒரு 0–10 பார் கேஜ், 0.6 வகுப்பு, அதாவது பிழை 0.06 பாருக்குள் இருக்க வேண்டும். கேஜின் மட்டம் பிஸ்டன் மட்டத்துக்கு 25 சென்டிமீட்டர் மேலே. ‘10 பார்’ எடையில் ஈர்ப்பால் 0.024 குறையும், எண்ணெய்த் தூணால் 0.021 குறையும். கேஜுக்கு உண்மையில் போவது 9.955 பார். முள் 10.02-ல் நின்றால், எடையில் எழுதியதை மட்டும் பார்ப்பவர் பிழை 0.02 என்று தேர்ச்சி கொடுப்பார். உண்மையில் பிழை 0.065, கேஜ் தோற்றுவிட்டது. முள் 9.92-ல் நின்றால், 0.08 குறைவு என்று ஒதுக்குவார் அல்லது முள்ளைத் திருத்துவார். அது 0.035 பிழையோடு நல்ல நிலையில் இருக்கும் கேஜ்.

எந்தத் தவறு நடந்திருக்கிறது என்பதை அளவுகளின் போக்கே காட்டிக்கொடுக்கும். ஈர்ப்புப் பிழை அழுத்தத்தோடு சேர்ந்து வளரும்: இதே அமைப்பில் 2 பாரில் 0.005, 10 பாரில் 0.024. உயரப் பிழை எல்லா இடத்திலும் ஒரே 0.021. ஒரே டெஸ்டரில் பார்த்த கேஜுகள் எல்லாம் கால் சதவீதம் குறைவாகக் காட்டினால் கேஜுகளைச் சந்தேகிக்கும் முன் ஈர்ப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

காற்றின் மிதப்பு விசையும் எடையில் 0.015 சதவீதம் அளவுக்குத் தூக்கிவிடும். வெப்பநிலை மாறினால் பிஸ்டனின் பரப்பும் மாறும். தொழிற்சாலை கேஜுகளுக்கு இவை சிறியவை. மிதப்பு பெரும்பாலும் தயாரிப்பாளரின் கணக்கிலேயே சேர்ந்திருக்கும். அதைச் சான்றிதழில் பார்த்துக்கொள்ளலாம்.

திருத்தம் கடினமானதல்ல. ஊரின் அட்சரேகையும் கடல்மட்ட உயரமும் தெரிந்தால் ஈர்ப்பைக் கணக்கிடலாம். கேஜ் வேலைக்கு அந்தத் துல்லியம் போதும். உயரத்துக்கு ஒரு ஸ்கேல் போதும். புது டெஸ்டர் வாங்குபவர்கள் தங்கள் ஊரின் ஈர்ப்புக்கே எடைகளைச் செய்து தரச் சொல்லலாம். கேஜை வெளியே கொடுத்துச் சரிபார்ப்பவர்கள், கையில் வாங்கும் சான்றிதழில் ஈர்ப்பின் மதிப்பும் உயர வேறுபாடும் எழுதியிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்த மதிப்பைப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.