'பட்டது' என்று முடியாத அறிக்கை

"மாணவி அஜாக்கிரதையாகத் தாண்டிக் கீழே விழுந்ததில் கை எலும்பு முறிந்தது. உடனடியாக முதலுதவி அளிக்கப்பட்டு மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கப்பட்டார். பெற்றோருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது."

உடற்கல்வி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நான் எழுதிக் கொடுத்த அறிக்கை இது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நீளம் தாண்டும்போது விழுந்துவிட்டாள். அவளை மருத்துவமனையில் அவள் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பி, ஐந்து மணிக்கு உட்கார்ந்து ஐந்தே நிமிடத்தில் எழுதினேன். தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார்.

"நாளைக்குக் காலையில அந்தப் பொண்ணோட அம்மா வந்து, எப்படி விழுந்தான்னு என்னைக் கேப்பாங்க சார். இதைப் படிச்சா எனக்கே தெரியலையே" என்றார். ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க பார்த்ததை மட்டும் எழுதுங்க. எத்தனை மணிக்குன்னு எழுதுங்க."

அந்த இரண்டாவது தாளை எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. ஓர் ஆசிரியருக்கு எந்த நேரமும் வரக்கூடிய வேலை இது. ஆனால் இப்படி ஓர் அறிக்கையை எப்படி எழுதுவது என்று எனக்கு எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

முதல் தாளில் என்ன தவறு என்று பார்ப்போம். 'அஜாக்கிரதையாக' என்பது நான் பார்த்த காட்சி அல்ல, நான் வழங்கிய தீர்ப்பு. பன்னிரண்டு வயதுப் பெண் வலியோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் இல்லாத இடத்தில் பழியை அவள்மேல் எழுதிவைத்துவிட்டேன். 'எலும்பு முறிந்தது' என்பதும் அப்படித்தான். நான் எக்ஸ்ரே பார்க்கவில்லை. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் முனையில் வளர்ச்சித் தகடு என்று மென்மையான ஒரு பகுதி உண்டு. அங்கே அடிபட்டால் முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலே போகலாம். ஆகவே 'முறிவு' என்று எழுதுவது எவ்வளவு தவறோ, 'வெறும் சுளுக்கு' என்று எழுதுவதும் அவ்வளவு தவறு. ஆசிரியர் எழுத வேண்டியது கண்ணுக்குத் தெரிந்ததை: வீங்கியிருந்தது, வளைந்திருந்தது, தொட்டால் வலித்தது.

'கை' என்ற சொல்லும் போதாது. நம் பேச்சில் தோளிலிருந்து விரல்நுனிவரை எல்லாமே கைதான். இடுப்புக்குக் கீழே எல்லாமே கால்தான். இடதா வலதா, மணிக்கட்டா முழங்கையா என்று எழுதாவிட்டால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

ஆனால் பெரிய குறை வாக்கியங்களின் வாலில் இருந்தது. அளிக்கப்பட்டது, அனுப்பிவைக்கப்பட்டார், தெரிவிக்கப்பட்டது. அலுவலகத் தமிழ் நமக்குப் பழக்கிவைத்த இந்தப் 'பட்டது' செய்தவரை மறைத்துவிடும். முதலுதவி செய்தது யார்? எதை வைத்து? யார் எந்த எண்ணுக்குப் பேசினார்கள், எடுத்தது அம்மாவா, பக்கத்து வீட்டுக்காரரா? மறைக்க வேண்டும் என்று நினைத்து நான் எழுதவில்லை. அறிக்கை என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது தாள் இப்படித் தொடங்கியது:

"ஆறாவது பீரியட் 2.10க்குத் தொடங்கியது. மைதானத்தில் 34 பேர் இருந்தார்கள். நீளம் தாண்டும் பயிற்சி. சுமார் 2.25க்கு நான் ஓடுபாதையின் தொடக்கத்தில், மணல் குழியிலிருந்து ஏறக்குறைய 20 மீட்டர் தள்ளி நின்று, அடுத்த மாணவிக்கு எங்கிருந்து ஓட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டுத் திரும்பினேன். அவள் விழுந்ததை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தபோது குழியின் இடது ஓரத்தில் உட்கார்ந்து, இடது முன்கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்."

'விழுந்ததை நான் பார்க்கவில்லை' என்ற வரியை எழுதப் பேனா வரவே இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் அடுத்து வருவதெல்லாம் நானே நேரில் பார்த்தது போல ஆகிவிடும். பார்த்தது இது, கேட்டது இது என்று பிரித்துக் காட்ட நம் மொழியில் நல்ல வசதி இருக்கிறது. 'தள்ளிவிட்டான்' என்பது வேறு, 'தள்ளிவிட்டானாம்' என்பது வேறு என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். அறிக்கையில் அந்த 'ஆம்' நீண்டு, 'தான் பார்த்ததாக இன்ன மாணவி என்னிடம் இன்ன நேரத்தில் சொன்னாள்' என்று ஆக வேண்டும்.

அன்று அதற்கும் தேவை வந்தது. நான் பள்ளிக்குத் திரும்புவதற்குள், அவளை யாரோ தள்ளிவிட்டார்கள் என்ற பேச்சு வகுப்பு முழுக்கப் பரவியிருந்தது. பேருந்துக்குக் காத்திருந்த பிள்ளைகளில் குழிக்கு அருகில் நின்ற மூன்று பேரைத் தலைமையாசிரியை தனித்தனியாகக் கூப்பிட்டார். "யாராவது தள்ளினாங்களா?" என்று அவர் கேட்கவே இல்லை. "நீ எங்க நின்னே? என்ன பார்த்தே?" என்று மட்டும் கேட்டார். அதன் காரணம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்றும், சிலரிடம் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்றும் பொருள்படும்படி கேட்டார்கள். கடுமையான சொல்லைக் கேட்டவர்கள் கூடுதல் வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். வளர்ந்தவர்களின் நினைவையே கேள்வியில் இருக்கும் ஒரு சொல் மாற்றிவிடுகிறது. 'தள்ளினாங்களா' என்று டீச்சர் கேட்டால் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்?

மூன்று பேர் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அவள் இடது பக்கமாகச் சாய்ந்து ஓடிவந்தாள். தாண்டி, கால் ஊன்றி, பின்னால் சரிந்தாள். சரியும்போது ஊன்றிய கை குழியின் செங்கல் விளிம்பில் பட்டது. அருகில் வேறு யாரும் இல்லை. அவரவர் வார்த்தையிலேயே அதை எழுதினோம். பெற்றோருக்குத் தரும் பிரதியில் அந்தப் பிள்ளைகளின் பெயரை எடுத்துவிட்டு, பெயருள்ள தாளைத் தலைமையாசிரியை தன் பீரோவில் வைத்துக்கொண்டார்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றுக்கும் துல்லியமான நிமிடம் போட்டால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. விழுந்த நேரம் எனக்குச் 'சுமார் 2.25'தான். ஆனால் அவள் அம்மாவுக்கு முதல் அழைப்பு 2.33, எடுக்கவில்லை, இரண்டாவது 2.38, எடுத்துப் பேசினார். இந்த இரண்டும் கைபேசியின் அழைப்புப் பட்டியலில் இருந்து எடுத்தவை, அப்படியே தாளிலும் குறிப்பிட்டேன். ஆட்டோ கிளம்பியது 2.45, தமிழாசிரியை தன் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னது.

இத்தனை விவரம் எதற்கு என்று கேட்கலாம். மருத்துவமனையில் டாக்டர் கேட்ட கேள்விகளை நினைத்துப் பார்க்கிறேன். எப்படி விழுந்தாள்? தலையில் அடிபட்டதா, மயங்கினாளா, வாந்தி எடுத்தாளா? கடைசியாக எப்போது சாப்பிட்டாள்? கடைசிக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எலும்பை நேராக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தால், வயிற்றில் சாப்பாடு இருப்பது ஆபத்து. அவள் 12.40க்குச் சத்துணவு சாப்பிட்டிருந்தாள். பயந்திருக்கும் பிள்ளைக்கு ஒரு சோடாவோ பிஸ்கட்டோ வாங்கித் தருவதுதான் நம் வழக்கம். அன்று யாரும் தரவில்லை என்பது அவளுடைய நல்ல காலம். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று அதையும் எழுதினேன்.

தலையைப் பற்றிய கேள்வி இன்னும் முக்கியமானது. தலையில் அடிபட்ட பிள்ளை எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, மறுபடி விளையாடப் போகலாம். மண்டையோட்டுக்கு உள்ளே ரத்தம் மெதுவாகக் கசிந்தால் சில மணி நேரம் கழித்துத்தான் தலைவலி கூடும், வாந்தி வரும், எழுப்ப முடியாதபடி தூக்கம் வரும். அப்போது பிள்ளை வீட்டில் இருக்கும். பள்ளியில் என்ன நடந்தது என்று தெரியாத வீட்டார் 'ஓடியாடிக் களைத்துப்போய்த் தூங்குகிறாள்' என்று விட்டுவிடுவார்கள். எனவே தலையில் லேசாக இடித்துக்கொண்டாலும் அன்றே வீட்டுக்குச் சொல்லி, இந்த அறிகுறிகளையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். என் மாணவிக்குத் தலையில் அடியில்லை. "தலையில் படவில்லை என்று அவளே சொன்னாள். பெயரும் வகுப்பும் கேட்டேன், சரியாகச் சொன்னாள். மயங்கவில்லை, வாந்தி இல்லை" என்று எழுதினேன்.

நான் எழுதுவது தவிர, மருத்துவமனையிலும் இப்படிப்பட்ட காயங்களை விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். பள்ளியில் விழுந்தது என்று அங்கே இருந்து, பள்ளித் தாளில் வேறு இடமோ வேறு நேரமோ இருந்தால், பிறகு இரண்டில் எதையும் நம்ப முடியாது.

முதலுதவியை இப்படி எழுதினேன்: "கையை இழுக்கவோ தடவிவிடவோ இல்லை. எண்ணெய் போடவில்லை. செய்தித்தாளை மடித்து முன்கைக்கு அடியில் வைத்து, தமிழாசிரியை தன் துப்பட்டாவால் கழுத்தோடு சேர்த்துத் தூளி கட்டினார். விரல்களை அசைக்க முடிந்தது. மணிக்கட்டில் இருந்த கயிறு அகற்றப்பட்டது."

மிச்சமிருந்தது செங்கல் விளிம்பு. பொழுது சாய்வதற்குள் ஸ்கேலை எடுத்துக்கொண்டு குழிக்குப் போய் அளந்தேன். மணல் இறங்கி இறங்கி, விளிம்பு 6 செ.மீ. மேலே துருத்திக்கொண்டிருந்தது. மணலும் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அன்று காலை குழியை நான் கிளறவும் இல்லை, மணலை நிரவவும் இல்லை. இரண்டையும் எழுதினேன். 'அதனால்தான் விழுந்தாள்' என்று எழுதவில்லை. அது எனக்குத் தெரியாது. அளவு இருந்ததால் அடுத்த வாரமே இரண்டு வண்டி மணல் கேட்க முடிந்தது.

மறுநாள் காலை அவள் அம்மா வந்தார். எக்ஸ்ரேயில் மணிக்கட்டுக்கு மேலே முறிவு, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றார். முதல் நாள் தாளைத் திருத்தாமல், அதன் கீழே அன்றைய தேதியிட்டு, 'தாயார் சொன்னது' என்று அதைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு பக்கத்தையும் விரல் வைத்து மெதுவாகப் படித்தார். நான் பார்க்கவில்லை என்ற வரியில் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கடைசியில் ஓர் இடத்தில் விரல் நின்றது.

"கயிறை யாரு சார் எடுத்தது?"

குலதெய்வம் கோயிலில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு. வீக்கம் கூடினால் சதையை இறுக்கிவிடும் என்று, கத்தரிக்கோல் வாங்கிவரச் சொல்லி நான்தான் அறுத்தேன். தாளில் 'அகற்றப்பட்டது' என்று இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் முன்னாலேயே அந்த வரிக்குக் கீழே எழுதினேன்: "வீக்கம் காரணமாகக் கயிறை நான் கத்தரித்தேன், சுமார் 2.35. கயிறு அவளுடைய பென்சில் டப்பாவில் இருக்கிறது."

அவர் பையைத் திறந்து டப்பாவை எடுத்துப் பார்த்தார். இருந்தது.