உறைந்த கோழிக்கு ஒன்றரை நாள் அவகாசம்

ஞாயிறு மதியம் விருந்தாளிகள் வருகிறார்கள். ஃப்ரீசரில் ஒன்றரை கிலோ முழுக் கோழி கல்லாக உறைந்து கிடக்கிறது. பலர் சனிக்கிழமை இரவு அதை எடுத்து சமையல் மேடையில் வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். காலையில் தொட்டால் மேலே மெத்தென்று இருக்கும். உள்ளே கைவிட்டால் இன்னும் ஐஸ்.

கோழி வெளியிலிருந்து உள்நோக்கித்தான் இளகும். நடுவில் இருக்கும் ஐஸ் கரைவதற்குள் தோலும் அதற்கு அடியிலுள்ள கறியும் அறையின் சூட்டுக்கு வந்துவிடும். 4 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பச்சைக் கோழியில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். உறைய வைத்தால் அவை எல்லாம் சாவதில்லை, அடங்கிக் கிடக்கும். சூடு கிடைத்ததும் மறுபடி வேலையைத் தொடங்கும். அவை பெருகியிருந்தாலும் வாடை வந்தே ஆகவேண்டும் என்பதில்லை. அதனால் முகர்ந்து பார்த்து முடிவு செய்ய முடியாது.

ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரியோ அதற்கும் குறைவோ இருந்தால், எத்தனை மணி நேரம் ஆனாலும் கோழியின் மேற்புறம் அந்தக் குளிரைத் தாண்டாது. மெதுவாக இளகுவதுதான் இந்த முறையின் பாதுகாப்பு. ஃபிரிட்ஜின் திருகில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி அல்ல. உள்ளே ஒரு சின்ன தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதே சரி.

நேரத்தை எடையை வைத்துக் கணக்கிடலாம். இரண்டு கிலோ கோழிக்குக் குறைந்தது 24 மணி நேரம் என்பது பொதுவான அளவு. ஆனால் நிரம்பி வழியும் ஃபிரிட்ஜிலும், வயிற்றுக்குள் ஐஸ் கட்டியிருக்கும் கோழியிலும் அது போதாமல் போகும். எனவே கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வது நல்லது: ஒரு கிலோ வரை ஒரு நாள், ஒன்றரை கிலோவுக்கு ஒன்றரை நாள், இரண்டு கிலோவுக்கு மேல் இரண்டு நாள்.

அப்படியானால் ஞாயிறு விருந்துக்கான கோழியை வெள்ளி இரவு ஒன்பது மணிக்கே இறக்க வேண்டும். உறையைப் பிரிக்காமல், விளிம்பு உயர்ந்த ஒரு தட்டில் வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையில் ஓட்டை இருந்தாலும் கசியும் நீர் தட்டிலேயே தங்கும்; கீரையிலும் தயிரிலும் சொட்டாது. கதவுப் பக்கம் வேண்டாம். திறக்கும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு 36 மணி நேரம் ஆகியிருக்கும். இப்போது சோதியுங்கள். வயிற்றுக்குள் விரல் விட்டால் ஐஸ் தட்டுப்படக் கூடாது. ஈரலும் கழுத்தும் அடங்கிய பை உள்ளே இருந்தால் எளிதாக வெளியே வர வேண்டும். தொடை மூட்டு தடையின்றி மடங்க வேண்டும். நெஞ்சுக்கறியின் தடித்த பகுதியை அழுத்தினால் உள்ளே கட்டி தெரியக் கூடாது. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோழியைக் குழாயடியில் கழுவினால் கிருமிகள் தெறித்துச் சுற்றிலும் பரவும். ஈரத்தைக் காகிதத்தால் ஒற்றி எடுத்தாலே போதும்.

இன்னும் ஐஸ் இருந்தால் வெந்நீரில் போட வேண்டாம், வெயிலிலும் வைக்க வேண்டாம். நீர் புகாத பையில் கட்டி, முழுக்க மூழ்கும்படி குளிர்ந்த நீரில் வைத்து, அரை மணிக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தால் ஐஸ் கட்டிகள் சேருங்கள். இப்படி இளகிய கோழியை உடனே சமைத்துவிட வேண்டும். மைக்ரோவேவில் இளக்கினாலும் அதே விதிதான், ஏனெனில் ஓரங்கள் அதற்குள் வேகத் தொடங்கியிருக்கும்.

அரைகுறையாக இளகிய கோழியை அடுப்பேற்றினால் மேலே வெந்து, தொடை எலும்பை ஒட்டிய இடம் பச்சையாக நின்றுவிடலாம். தொடையின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைச் செருகினால் 74 டிகிரி காட்ட வேண்டும்.

விருந்து தள்ளிப்போனால்? ஃபிரிட்ஜிலேயே இளகிய கோழி, சமைக்காமல் இன்னும் ஒன்றிரண்டு நாள் அங்கேயே தாங்கும். அதற்குள் சமைக்க முடியாவிட்டால் திரும்ப ஃப்ரீசரில் வைக்கலாம். சாறு கொஞ்சம் வற்றிக் கறி சற்று வறண்டிருக்கும், வேறு கேடில்லை. தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ இளக்கிய கோழிக்கு இந்தச் சலுகை கிடையாது. முதலில் சமைத்துவிட்டுத்தான் உறைய வைக்க வேண்டும். மேடையில் இரவு முழுக்கக் கிடந்த கோழியைச் சமைக்கவே வேண்டாம். சில கிருமிகள் விட்டுச்சென்ற நஞ்சு கொதித்தாலும் போகாது.