"டோர் லாக்டு" என்று வந்தால் தபால் எங்கே இருக்கிறது?

சென்ற மாதம் கம்பத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி நம் உதவி மையத்திற்கு வந்தார்கள். உம்ரா பயணத்திற்காக விண்ணப்பித்த பாஸ்போர்ட் வந்து சேரவில்லை. மகன் செல்போனில் பார்த்தபோது, அதில் Door Locked என்று ஆங்கிலத்தில் இருந்தது. "வீட்டைப் பூட்டிவிட்டு ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போவது எங்கள் பிழைப்பு. பாஸ்போர்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்களா?" என்று கேட்டார்கள்.

திருப்பி அனுப்பப்படவில்லை. அது கம்பம் தபால் நிலையத்திலேயே இருந்தது. ஆனால் இன்னும் சில நாட்கள் தாமதித்திருந்தால் போயிருக்கும். இப்படிப்பட்ட குழப்பத்துடன் பலர் வருவதால், அந்தச் சகோதரியின் தபால் நடந்த வழியையே இங்கே விளக்குகிறோம்.

பாஸ்போர்ட் ஸ்பீடு போஸ்ட்டில்தான் வருகிறது. தேனி மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் இருப்பதால் நமக்கு மதுரையிலிருந்து புறப்படும். அனுப்பியதும் ஒரு எண் கிடைக்கும். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் IN, ஆக மொத்தம் பதிமூன்று. அதை indiapost.gov.in தளத்தில் நாமே தட்டச்சு செய்து பார்க்கலாம். 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

முதலில் தெரிவது Item Booked. தபால் பதிவாகிவிட்டது என்று பொருள். அடுத்து Item Bagged, Item Dispatched என்று வரும். பல தபால்களை ஒரே பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். பை கட்டப்பட்டபின், அடுத்த நிலையத்தில் அதை அவிழ்க்கும் வரை உள்ளே இருக்கும் ஒவ்வொரு தபாலையும் தனித்தனியாக ஸ்கேன் செய்ய முடியாது. ஆகவே ஒரு நாள் முழுக்கத் திரையில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் தபால் தொலைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். Item Received என்று நம் ஊர்த் தபால் நிலையத்தின் பெயரோடு வந்தால்தான் அது நம் ஊரை எட்டியிருக்கிறது.

அந்தப் பெயரைக் கவனித்துப் படியுங்கள். ஆந்திராவிலும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகளில் Cumbum என்று ஓர் ஊர் உண்டு. நீலகிரியிலும் ஒரு கூடலூர் இருக்கிறது. தபாலைப் பிரிப்பவர்கள் ஊர்ப் பெயரைவிட பின்கோடையே முதலில் பார்ப்பார்கள். நம் பள்ளத்தாக்கின் எண்கள் 625 என்று தொடங்கும். நீலகிரிக் கூடலூர் 643, ஆந்திரக் கம்பம் 523. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பவர் அந்த எண்ணைத் தவறாகப் போட்டால், தபால் சரியான பெயரோடு தவறான ஊருக்குப் போய், முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று திரும்பும்.

சகோதரியின் விஷயத்தில் பின்கோடு சரி. செவ்வாய்க்கிழமை காலை Out for Delivery வந்திருக்கிறது. தபால்காரர் தபாலை எடுத்துக்கொண்டு தெருவுக்குக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். சகோதரி விடியற்காலையிலேயே ஜீப்பில் குமுளிப் பக்கம் போய்விட்டார்கள். மகன் பள்ளியில். பிற்பகலில் Door Locked என்று பதிவானது. தபால் மறுபடி தபால் நிலையத்துக்கே போய்விட்டது. பாஸ்போர்ட்டை உரியவரிடம்தான், அடையாளம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதில்லை.

இப்படித் திரும்பிய தபால் வழக்கமாக ஏழு நாட்கள் அந்தத் தபால் நிலையத்தில் காத்திருக்கும். அதற்குள் வாங்காவிட்டால் Unclaimed என்று எழுதி அனுப்பியவருக்கே திருப்புவார்கள். Item Returned என்று திரையில் வந்துவிட்டால் நம் ஊர்த் தபால் நிலையத்தில் நின்று பேசிப் பயனில்லை. பாஸ்போர்ட் மதுரை அலுவலகத்துக்கே போய்விடும். பிறகு விண்ணப்பக் கோப்பு எண்ணோடு அங்கே தொடர்பு கொள்ள வேண்டும். பயணத் தேதி நெருங்கும் வேளையில் அது பெரிய அலைச்சல்.

சகோதரி எங்களிடம் வந்தது சனிக்கிழமை மாலை. ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலை, ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று ஆதார் அட்டையையும் அந்த எண்ணையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னோம். தபால்காரர் கிளம்புவதற்கு முன்பே போக வேண்டும் என்றும் சொன்னோம். அவர் மறுபடி தபாலை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டால், அவர் திரும்பி வரும் வரை கவுண்டரில் உள்ளவர்களால் எதுவும் தர முடியாது. பத்து நிமிடத்தில் பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

சரி, செவ்வாய்க்கிழமையே ஏன் போகவில்லை? தபால் துறையின் குறுஞ்செய்தி அன்றே வந்திருக்கிறது. மோசடி என்று நினைத்து மகன் அதை அழித்துவிட்டான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. "முகவரி முழுமையாக இல்லை, உங்கள் பார்சலைக் கொடுக்க முடியவில்லை, 48 மணி நேரத்தில் இந்த லிங்கில் திருத்துங்கள்" என்று தபால் துறையின் பெயரில் போலிச் செய்திகள் பரவியதும், அவை பொய் என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு எச்சரித்ததும் பலருக்குத் தெரியும். அந்த லிங்கைத் திறந்தால் சிறு தொகை கட்டச் சொல்லி கார்டு விவரம் கேட்பார்கள். உண்மைச் செய்தியா என்று அறிய எளிய வழி, லிங்கைத் தொடாமல் அதிலுள்ள பதிமூன்று எழுத்து எண்ணை மட்டும் எடுத்து, தளத்தில் நாமே போட்டுப் பார்ப்பது. எண்ணே இல்லாத செய்தியை விட்டுவிடலாம். ஏற்கெனவே பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

மற்ற காரணங்களில் Insufficient Address என்றால் கதவு எண்ணோ தெருவோ இல்லை. Addressee cannot be located என்றால் அந்த முகவரியில் ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டுக்கும் அதே தபால் நிலையத்துக்குப் போய்ச் சரியான முகவரியையும் செல்போன் எண்ணையும் சொல்வதுதான் வழி.

Refused என்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வக்கீல் நோட்டீஸ் வந்தால், "வாங்காவிட்டால் வழக்கு வராது" என்று சிலர் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வேறு சிலர் கதவைத் திறப்பதில்லை. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சி.சி. அலவி ஹாஜி வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ் "மறுத்துவிட்டார்", "வீடு பூட்டியிருந்தது" என்று திரும்பினாலும், கிடைத்ததாகவே கருதலாம். கிடைக்கவில்லை என்று காட்டுவது பெறுபவரின் பொறுப்பு. காசோலை திரும்பிய விவகாரத்தில் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்டப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. தபாலை வாங்காதவர் அந்த அவகாசத்தைத்தான் இழக்கிறார். 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், இனி இத்தகைய நோட்டீசும் ஸ்பீடு போஸ்ட் உறையிலேயே வரக்கூடும்.

ஆங்கிலத்தில் வந்த செய்தி புரியாவிட்டால் செல்போனை அப்படியே எடுத்துக்கொண்டு நம் உதவி மையத்துக்கு வாருங்கள். செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.