ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏடிபி?

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுமையாகச் சிதைந்தால் எத்தனை ஏடிபி கிடைக்கும்? வகுப்பு நோட்டில் 38 என்று இருக்கும். புதிய பாடப்புத்தகத்தில் 30 அல்லது 32 என்று இருக்கும். உயிர்வேதியியல் மாணவர் இரண்டையும் சேர்த்து ஒரே சுருக்கம் எழுத உட்கார்ந்தால் இடறுகிற இடம் இது.

நோட்டை அப்படியே எழுதிவிட்டு, புத்தகத்தில் உள்ளதை அதன் கீழே சேர்த்துக்கொண்டே போவது பலரின் வழக்கம். அதனால் கிரெப்ஸ் சுழற்சி, சிட்ரிக் அமிலச் சுழற்சி, டிசிஏ சுழற்சி என்று மூன்று தலைப்புகள் வந்துவிடும். மூன்றும் ஒன்றேதான்.

மாறாக, முதலில் வெறும் தலைப்புகளை மட்டும் எழுத வேண்டும்: கிளைக்காலிசிஸ், பைருவேட் அசிட்டைல் கோஏ ஆவது, சிட்ரிக் அமிலச் சுழற்சி, எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி. பிறகு ஒவ்வொரு குறிப்பையும் அதற்குரிய தலைப்பின் கீழ் ஒரு வரியாக இறக்கி, ஓரத்தில் 'நோ' அல்லது 'பு' என்று மூலத்தைக் குறிக்க வேண்டும். ஒரே செய்தி இரண்டு முறை வந்தால் பக்கத்துப் பக்கத்திலேயே நிற்கும். விவரம் கூடுதலாக உள்ள வரியை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடலாம்.

முரண்படும் வரிகளை மட்டும் அவசரப்பட்டு அடிக்கக் கூடாது. கிளைக்காலிசிஸில் 4 ஏடிபி என்கிறது நோட்டு. 2 என்கிறது புத்தகம். உருவாவது 4, தொடக்கத்தில் செலவாவது 2, மிச்சம் 2. ஒன்று மொத்தக் கணக்கு, மற்றது நிகரக் கணக்கு. சுருக்கத்தில் 'உருவாவது 4, நிகரம் 2' என்று ஒரே வரி போதும்.

38-ம் 32-ம் அப்படியல்ல. இரண்டிலும் 10 என்ஏடிஎச், 2 எஃப்ஏடிஎச்2, நேரடியாகக் கிடைக்கும் 4 ஏடிபி என்ற அடிப்படை ஒன்றே. என்ஏடிஎச்சுக்கு 3, எஃப்ஏடிஎச்2-க்கு 2 என்று பெருக்கினால் 30, 4, 4 சேர்ந்து 38. பின்னாளில் அந்த மதிப்புகள் 2.5, 1.5 எனத் திருத்தப்பட்டன. இப்போது 25, 3, 4 சேர்ந்து 32. ஆக, இது பழைய கணக்குக்கும் புதிய கணக்குக்கும் உள்ள வேறுபாடு.

அப்படியானால் 30 எங்கிருந்து வந்தது? கிளைக்காலிசிஸில் உண்டாகும் 2 என்ஏடிஎச்சின் எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எந்த வழியில் போகின்றன என்பதைப் பொறுத்தது அது. மாலேட் வழியில் போனால் 32. கிளிசரால் பாஸ்பேட் வழியில் போனால் 30. இங்கே இரண்டு விடையும் சரி, நிபந்தனைதான் வேறு. எனவே எண்ணோடு வழியின் பெயரையும் எழுத வேண்டும்.

எந்தக் காரணமும் பிடிபடாத முரண்பாட்டை 'நோ', 'பு' குறியோடு அப்படியே விட்டுவைத்து, பேராசிரியரிடம் கேட்டபின் தீர்த்துக்கொள்ளுங்கள். நடுவாக ஓர் எண்ணைப் போட்டு 35 என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்; அது எந்தக் கணக்கிலும் வராத விடை.