தராசுக்கு முன்பே தெரியும் எடை

காப்பர் சல்பேட் கரைசலில் இரண்டு செம்புத் தகடுகளை நிறுத்தி, 2 ஆம்பியர் மின்னோட்டத்தை அரை மணி நேரம் செலுத்துகிறோம். எதிர்முனைத் தகட்டில் எவ்வளவு செம்பு படியும்? நிறுக்காமலே சொல்லிவிடலாம். படியும் உலோகத்தின் எடை, பாய்ந்த மின்னூட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது 1830-களில் மைக்கேல் ஃபாரடே கண்ட விதி.

முதலில் ஆம்பியரை விநாடியால் பெருக்க வேண்டும்: 2 × 1800 = 3600 கூலும். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம் ஏறத்தாழ 96,500 கூலும். ஆக, பாய்ந்தவை 0.0373 மோல் எலக்ட்ரான்கள். ஒரு செம்பு அயனி உலோகமாக மாற இரண்டு எலக்ட்ரான்கள் தேவை. எனவே கிடைக்கும் செம்பு அதில் பாதி. அதை செம்பின் மோல் எடையான 63.5 கிராமால் பெருக்கினால், சுமார் 1.18 கிராம்.

இதே மின்னூட்டம் வெள்ளி நைட்ரேட் கரைசலில் பாய்ந்தால் சுமார் 4 கிராம் வெள்ளி படியும். வெள்ளி அயனிக்கு ஓர் எலக்ட்ரானே போதும். அதன் அணுவும் கனமானது.

தகட்டைக் கழுவி உலர்த்தி நிறுத்தால் 1.06 கிராம்தான் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மின்சாரத்தில் 90 சதவீதமே செம்பைப் படியவைத்திருக்கிறது. மின்னோட்டம் அளவு மீறினால் தகட்டருகே செம்பு அயனிகள் தீர்ந்து, ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். படிவும் கருத்துப் பொடியாக உதிரும். மின்னோட்டத்தைக் குறைத்து, கரைசலைக் கலக்கிவிட்டால் கணக்கும் தராசும் நெருங்கிவரும்.