ஒரு மைனஸ் போதும், சென்னை கடலுக்குள் போய்விடும்

கைபேசி வரைபடத்தில் சென்னையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் 13.08, 80.27 என்பதுபோல இரண்டு எண்கள் வரும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. இரண்டுமே கோண அளவுகள், அதாவது டிகிரிகள்.

பூமியின் நடுவயிற்றைச் சுற்றி ஓடும் பூமத்திய ரேகைதான் அட்சரேகைக்குப் பூஜ்ஜியம். அங்கிருந்து வட துருவம் வரை 90, தென் துருவம் வரை 90. பூமி சுழலும் அச்சு இருப்பதால் இந்தப் பூஜ்ஜியத்தை இயற்கையே வகுத்துத் தந்துவிட்டது. ஒரு டிகிரி என்பது தரையில் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். எனவே 13.08 என்றால் சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 1,450 கிலோமீட்டரில் இருக்கிறது.

கிழக்கு மேற்குக்கு அப்படி இயற்கையான தொடக்கம் எதுவும் கிடையாது. மனிதர்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. 1884இல் வாஷிங்டனில் நடந்த மாநாட்டில் லண்டனை ஒட்டிய கிரீன்விச் வழியாகச் செல்லும் கோட்டைப் பூஜ்ஜியமாக ஏற்றார்கள். அதிலிருந்து கிழக்கே 180, மேற்கே 180 டிகிரி.

பிளஸ், மைனஸ் குறிகள் வருவது இங்கேதான். வடக்கும் கிழக்கும் பிளஸ். தெற்கும் மேற்கும் மைனஸ். பிளஸ் குறியை யாரும் எழுதுவதில்லை. மைனஸ் என்றால் குறைவு என்று பொருளில்லை, கோட்டுக்கு அந்தப் பக்கம் என்று மட்டுமே பொருள். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ -22.91, -43.17. இரண்டும் மைனஸ் என்பதால் தெற்கிலும் மேற்கிலும் இருக்கிறது. இதையே 22.91 தெற்கு என்றும் எழுதலாம். மைனஸையும் போட்டு தெற்கு என்றும் எழுதினால்தான் குழப்பம்.

சென்னையின் எண்களில் குறியை மட்டும் மாற்றிப் பாருங்கள். 13.08, -80.27 என்று அடித்தால் கரீபியன் கடலில் போய் நிற்கும். -13.08, 80.27 இந்தியப் பெருங்கடலின் நடுப்பகுதி. இரண்டுக்கும் மைனஸ் போட்டால் பெரு நாட்டுக் கரைக்கு அப்பால், பசிபிக் கடல்.

இதைவிட நயமாக ஏமாற்றும் பிழை, எண்களை இடம் மாற்றி எழுதுவது. 80.27, 13.08 என்று கொடுத்தால் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளையும் தாண்டி ஆர்க்டிக் கடலில் புள்ளி விழும். டோக்கியோவின் தீர்க்கரேகை 139.69. அதை அட்சரேகை இடத்தில் எழுதினால் 90ஐத் தாண்டிவிடுவதால் தவறு உடனே தெரிந்துவிடும். தமிழ்நாட்டின் தீர்க்கரேகைகளோ 76க்கும் 81க்கும் இடையில்தான். 90க்குள் அடங்குவதால் கணினி சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஜியோஜேசான் என்ற கோப்பு வகை தீர்க்கரேகையைத்தான் முதலில் கேட்கும் என்பதால் இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது.

தமிழ்நாட்டில் ஓர் இடத்தைக் குறிக்கும்போது சிறிய எண் அட்சரேகை, பெரிய எண் தீர்க்கரேகை, இரண்டிலும் மைனஸ் வராது. இந்த மூன்றையும் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.